சைன் அலையை ஜீரோ கிராஸிங்கில் தொடுத்தும் டிரான்சியன்ட் ஏன்?

வணக்கம் சார்,

10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 10 வோல்ட் பீக், 50 ஹெர்ட்ஸ். பர்ஸ்ட் மோடில் தொடக்கக் கோணம் 0 வைத்தேன். வோல்டேஜ் பூஜ்யத்தில் தொடங்குகிறது, கெபாசிட்டரும் காலி. ஆகவே டிரான்சியன்ட் இருக்காது என்று நினைத்தேன். ஆனால் கெபாசிட்டரின் முதல் உச்சி 4.2 வோல்ட், அடுத்தடுத்தவை 3 வோல்ட் பக்கம். ஏன்? ஸ்கோப்பில் கிடைத்த அலையிலிருந்து டிரான்சியன்டை மட்டும் எப்படிப் பிரிப்பது?

ஒரு வாசகி, ஜாலஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

தொடுக்கும் நொடியில் சோர்ஸ் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்டெடி ஸ்டேட் அலை அந்த நொடியில் கெபாசிட்டரில் எவ்வளவு வோல்டேஜ் இருக்க வேண்டும் என்கிறது? அதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் சர்க்யூட்டில் ωRC = 3.14. எனவே கெபாசிட்டர் வோல்டேஜ் சோர்ஸுக்கு 72.3 டிகிரி பின்தங்குகிறது, அதன் உச்சி 3.03 வோல்ட். சோர்ஸ் பூஜ்யத்தில் இருக்கும்போது ஸ்டெடி ஸ்டேட் கேட்பது −2.89 வோல்ட், கையில் இருப்பதோ 0. கெபாசிட்டர் வோல்டேஜ் சட்டென்று தாவாது என்பதால் இந்த 2.89 வோல்ட் வித்தியாசம்தான் டிரான்சியன்டாக வந்து நிற்கிறது:

```
vC = 3.03 sin(ωt − 72.3°) + 2.89 e^(−t/RC)
```

RC இங்கே 10 மில்லி செகண்ட். சுமார் 8.6 மில்லி செகண்டில் இரண்டு பகுதிகளும் கூடி 4.23 வோல்ட் ஆகின்றன. நீங்கள் பார்த்த உச்சி அதுதான். பலர் தொடக்க நிபந்தனையை அடுக்குக்குறிப் பகுதிக்கு மட்டும் போட்டு, அதன் கெழு பூஜ்யம் என்று முடித்துவிடுவார்கள். நிபந்தனை மொத்த வோல்டேஜுக்கு உரியது.

உங்கள் சர்க்யூட்டில் டிரான்சியன்ட் அதிகபட்சம் 3.03 வோல்ட் வரைதான் போக முடியும். அப்படிப் பார்த்தால் ஜீரோ கிராஸிங் ஏறக்குறைய மிக மோசமான இடம்.

பிரிப்பதற்கு அரை சைக்கிள் தள்ளிக் கூட்டுங்கள். சைன் அலை 10 மில்லி செகண்ட் கழித்துத் தன் எதிர்க்குறிக்கு வந்துவிடும், அதனால் கூட்டலில் அது அடிபட்டுப்போகும். மிஞ்சுவது டிரான்சியன்ட் மட்டும். கணக்குப்படி 4, 14, 24 மில்லி செகண்டுகளில் வோல்டேஜ் 1.92, 0.73, 0.24. முதல் இரண்டின் கூட்டல் 2.65, அடுத்த இரண்டின் கூட்டல் 0.97. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறத்தாழ 2.72, அதாவது e. ஆக, 10 மில்லி செகண்டில் e மடங்கு குறைகிறது; கால மாறிலி 10 மில்லி செகண்ட். டிரான்சியன்டின் அளவு வேண்டுமென்றால் 2.65-ஐ (1 + 1/e)-ஆல் வகுங்கள்: 4 மில்லி செகண்டில் 1.94 வோல்ட். அதை e^0.4-ஆல் பெருக்கினால் 2.89 திரும்பக் கிடைக்கும்.

இந்த முறைக்கு எதிரி ஸ்கோப்பின் ஆஃப்செட். அது கூட்டலில் இரட்டிப்பாகும்: 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தாலே கால மாறிலி 10.6 மில்லி செகண்ட் பக்கம் போய்விடும். சந்தேகம் வந்தால் முழு சைக்கிள் தள்ளிக் கழியுங்கள். ஆஃப்செட் கழிந்துபோகும், சைன் அலையும் போகும். சிக்னல் கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். சேனலை ஏசி கப்ளிங்கில் மட்டும் வைக்காதீர்கள். அதுவே ஒரு ஆர்சி சர்க்யூட். தன் சொந்த டிரான்சியன்டைச் சேர்த்துவிடும்.

கால மாறிலி சரியாக வந்தும் அளவு 2.89-க்குக் குறைவாக வந்தால், முந்தைய பர்ஸ்டின் மிச்சம் கெபாசிட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். முழு எண்ணிக்கை சைக்கிள்களில் முடியும் பர்ஸ்ட் கெபாசிட்டரை −2.89 வோல்ட்டில் விட்டுப்போகிறது. இடைவெளி 10 மில்லி செகண்ட் மட்டும் என்றால் −1.06 மிஞ்சும்; அடுத்த டிரான்சியன்ட் 1.83 வோல்ட்தான் இருக்கும். இடைவெளியை 100 மில்லி செகண்டுக்கு மேல் வையுங்கள். எஸ்.பி. ரோட்டில் கெபாசிட்டர் வாங்கும்போது பாலியஸ்டர் ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள். ஏசி சிக்னலுக்குத் துருவமுள்ள எலக்ட்ரோலிடிக் கூடாது.

இனி தொடக்கக் கோணத்தை 72.3 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள், முதல் உச்சியே 3.03 வோல்ட்டில் நிற்க வேண்டும். நிற்காமல் அரை சைக்கிள் கூட்டல் எதிர்க்குறியில் மிஞ்சினால், கோணம் தேவைக்கு மேல் போயிருக்கிறது. நேர்க்குறியில் மிஞ்சினால் குறைவு. மிச்சம் மறையும்வரை திருப்புங்கள். 70.5 டிகிரியில் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம்: tan 70.5° = 2.82, அதை ωR-ஆல் வகுத்தால் 0.9 மைக்ரோ ஃபாரட். உங்கள் கெபாசிட்டரின் உண்மையான மதிப்பு அதுதான்.