பாகற்காயின் கசப்பைப் பிழிந்துவிட்டால் மருந்தும் போய்விடுமா?

"அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி. மாத்திரையும் சாப்பிடுகிறார். தினமும் ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ் குடித்துவிட்டு நடக்கப் போவார். திரும்பி வந்து டிபன் சாப்பிட ஒன்பது ஆகிவிடும். உப்புப் போட்டுப் பிழிந்தால் கசப்போடு மருந்தும் போய்விடும், கசப்பு கூடக்கூட நல்லது என்கிறார். பிழியாமல் வாயில் வைக்க முடியாது என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?" – ஒரு வாசகர், கோத்தகிரி

அப்பா சொல்வதில் பாதி சரி. கசப்பைத் தரும் பொருள்களில் சில, சர்க்கரையைக் குறைக்கும் என்று கருதப்படும் பொருள்களும்கூட. ஆனால் எல்லாம் அப்படியல்ல. அதனால் நாக்கு சொல்லும் கசப்பை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிட முடியாது.

பாகற்காய்ச் செடி தன் இலையையும் பிஞ்சையும் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள ட்ரைட்டெர்பினாய்டு என்ற வகைப் பொருள்களை உண்டாக்குகிறது. மொமோர்டிசின், மொமோர்டிகோசைடு என்பவை அவற்றில் முக்கியமானவை. நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகளில் இவை போய் ஒட்டுவதைத்தான் நாம் பாகற்காயின் கசப்பு என்கிறோம். விதை முற்றும் முன் பச்சையாக இருக்கும்போது கசப்பு தூக்கலாக இருக்கும். பழுத்து மஞ்சளாகும்போது குறையும். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை இனிக்கவே செய்யும்.

சர்க்கரை விஷயத்தில் அடிக்கடி பேசப்படுபவை மூன்று. முதலாவது, இதே ட்ரைட்டெர்பினாய்டுகள். தசைச் செல்களில் ஏ.எம்.பி.கே. என்றொரு நொதி உண்டு. அது தூண்டப்பட்டால் செல் இரத்தத்திலிருந்து அதிக குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடைப்பயிற்சியும் மெட்ஃபார்மினும் இந்த நொதியைத் தூண்டுகின்றன. பாகற்காயின் ட்ரைட்டெர்பினாய்டுகளும் அதைத் தூண்டுவதை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் பேச்சுக்கு ஆதாரம் என்றால் இதுதான்.

இரண்டாவது சாரன்டின். இது இரண்டு தாவர ஸ்டீராய்டு குளுக்கோசைடுகளின் கலவை. விலங்குகளில் சர்க்கரையைக் குறைத்ததால் பெயர் பெற்றது. இது தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆகவே உப்புப் போட்டுப் பிழிந்தாலும் பெரும்பகுதி காயிலேயே தங்கும். மாறாக, ஜூஸை வடிகட்டிச் சக்கையைத் தூக்கிப் போடும்போதுதான் இது அதிகம் வீணாகும்.

மூன்றாவது பாலிபெப்டைடு-பி. இன்சுலின் போல வேலை செய்யும் புரதம். ஜெய்ப்பூரில் புஷ்பா கன்னாவின் குழு 1981-இல் இதைப் பற்றி எழுதியது. அவர்கள் அதைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. வாய் வழியே போகும் புரதத்தை, பருப்பிலுள்ள புரதத்தைப் போலவே வயிறும் குடலும் செரித்துவிடும். "தாவர இன்சுலின்" என்று அச்சடித்த பொடிப் பொட்டலத்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது ஆபத்து.

இனி அம்மாவின் உப்பு. கால் கிலோ காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி இருபது நிமிடம் வைத்தால், உப்பு செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். அதோடு கசப்புப் பொருள்களில் ஒரு பகுதியும் வரும். காயை வேகவைத்து நீரை வடித்தாலும் இதே கதைதான். எல்லாம் போய்விடாது, கறியில் கசப்பு மிச்சமிருப்பதே அதற்குச் சாட்சி. பிழிந்தபின் ஒரு முறை அலசுங்கள், இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த உப்பு தேவையில்லை. புளியும் வெல்லமும் கசப்பை வெளியேற்றுவதில்லை, மறைக்கத்தான் செய்கின்றன. பிழிந்து வதக்கிய காயைத் தட்டு நிறையச் சாப்பிட்டு, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தால், அதில் கிடைக்கும் பலன் ஜூஸில் கிடைப்பதைவிட நிச்சயமானது. அதனால் சமையலில் நான் அம்மா பக்கம்.

மனிதர்களிடம் சர்க்கரை எவ்வளவு குறைகிறது? தாய்லாந்தில் 2011-இல் வெளியான ஆய்வில், தினம் 2 கிராம் உலர்ந்த பாகற்காய்ப் பொடி நான்கு வாரத்தில் கொஞ்சம் குறைத்தது. ஆனால் 1 கிராம் மெட்ஃபார்மின் குறைத்த அளவுக்கு இல்லை. பிலிப்பைன்ஸில் மூன்று மாதம் மாத்திரையாகக் கொடுத்தபோது, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி.யில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் என்னை உறுத்துவது கசப்பு அல்ல, கிளிமிபிரைடும் ஒன்பது மணி டிபனும்தான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரை, ஜூஸ், மேட்டில் நடை, மூன்று மணி நேரப் பட்டினி எல்லாம் ஒன்றுசேர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். கோத்தகிரிக் காலையில் கை நடுங்கினால் குளிர் என்று நினைத்துவிடுவோம். குளிரில் நடுங்குபவருக்கு வியர்க்காது. நடுக்கத்தோடு நெற்றி வியர்த்து, பசியும் படபடப்பும் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு மங்கி விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிளிமிபிரைடை டிபனோடு சேர்த்துச் சாப்பிடட்டும். ஜூஸ் வேண்டுமென்றால் 50 மி.லி. போதும், அதையும் டிபனோடு. இரண்டுக்கும் முன்னால் டாக்டரிடம் ஜூஸ் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஜூஸ் அவருக்கு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மாத்திரையை மாற்றாமல் மூன்று நாள் ஜூஸ் இல்லாமலும், மூன்று நாள் ஜூஸோடும், ஒரே டிபனை ஒரே அளவில் கொடுங்கள். முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். ஜூஸ் இல்லாத நாள்களில் 182, 176, 190, ஜூஸ் நாள்களில் 171, 184, 168 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 183-இலிருந்து 174. இந்த ஒன்பது புள்ளியை நம்பக் கூடாது, வீட்டு மீட்டரே 10 முதல் 15 சதவீதம் முன்பின் காட்டும். மூன்று நாளும் தவறாமல் 40 புள்ளி இறங்கினால்தான் அது செய்தி. அந்த எண்களை டாக்டரிடம் காட்டினால் கிளிமிபிரைடைக் குறைப்பதா என்று அவர் முடிவெடுப்பார். மலையில் ஒரு கவனம்: பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. இரவெல்லாம் ஜன்னலோரம் கிடந்த மீட்டரை எடுத்ததும் சோதிக்காமல், அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். விரலையும் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

ஜூஸுக்கு விதையை எடுத்துவிடுங்கள். அதில் உள்ள வைசின், ஜி6பி.டி. நொதிக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த ஜூஸ் வேண்டாம். சுரைக்காயையும் சேர்த்து அரைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சுரைக்காய் கசந்தால் அதில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது என்று பொருள். அதைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. தனியாகக் குடித்தால் முதல் வாயிலேயே கசப்பு தெரிந்து துப்பிவிடலாம். பாகற்காயோடு கலந்துவிட்டால் எது எதன் கசப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.