லித்தியக் குளங்களில் வெயில் செய்யும் வேலை

கேள்வி: பாலைவனத்தில் குளம் வெட்டி, உப்பு நீரைக் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்களாமே, எப்படி?

மலையிலிருந்து இறங்கும் நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வறண்ட பள்ளத்தில் தேங்கினால், தண்ணீர் ஆவியாகும், பாறையில் கரைத்து வந்த உப்புகள் தங்கிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளில் நிலத்தடியில் சேரும் அந்தக் கெட்டியான உப்பு நீர்தான் மூலப்பொருள். சிலி நாட்டின் அட்டகாமாவில் அதில் சுமார் 0.15 சதவீதம் லித்தியம் இருக்கிறது.

கேளம்பாக்கம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் உப்பு படிந்த பிறகு கொஞ்சம் கசப்பு நீர் மிஞ்சும். நமக்கு அது கழிவு. அங்கே அந்த மிச்ச நீருக்காகத்தான் மொத்த வேலையும்.

காரணம், எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படியாது. தண்ணீர் குறையக் குறைய முதலில் சோடியம் உப்பு (நம் சமையல் உப்புதான்), அப்புறம் பொட்டாசியம், பிறகு மெக்னீசியம் உப்புகள் படிகின்றன. லித்தியம் குளோரைடு மிக எளிதில் கரைவதால் நீரிலேயே நிற்கிறது. ஒவ்வொரு குளத்திலும் படிந்ததை விட்டுவிட்டு, நீரை மட்டும் அடுத்த குளத்துக்கு அனுப்புவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நகர்ந்து, லித்தியம் 6 சதவீதத்தை எட்டும்.

தொல்லை தருவது மெக்னீசியம். அது அதிகமிருந்தால் லித்தியத்தையும் இழுத்துக்கொண்டு படிந்துவிடும். பொலிவியாவின் உயுனியில் இதுதான் பெரிய சிக்கல்.

படங்களில் தெரியும் வெள்ளைக் குவியல்தான் லித்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சாதாரண உப்பு. லித்தியம் இருப்பது கடைசிக் குளத்து மஞ்சள் நீரில். ஆலையில் அதைச் சுத்தம் செய்து சோடியம் கார்பனேட் சேர்த்தால்தான் வெள்ளைத் தூளாகப் பிரியும்.