கிழித்த இரண்டு படங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நேற்று வேலை முடிந்து வந்து அவள் கணக்கு நோட்டைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் படம். கத்தி, கையில் அடித்து, இரண்டு படங்களைக் கிழித்துவிட்டேன். பேசாமல் தூங்கிப்போனாள். அவளுக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்:

"செல்லம், அம்மா அடிச்சதுக்கு ஸாரி. ஆனா நீ நோட்டுல வரையாம இருந்திருந்தா எனக்குக் கோபமே வந்திருக்காது. ஆபீஸ்ல அம்மா எவ்வளவு கஷ்டப்படறேன்னு உனக்குத் தெரியும்ல? இனிமே கோபப்படவே மாட்டேன். அம்மாவை மன்னிச்சிடுவியா? மன்னிச்சேன்னு எழுதி வை."

கொடுக்கலாமா? அவள் தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆங்கிலத்தில் எழுதட்டுமா? பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளை தலைமேல் ஏறிவிடும் என்கிறார் கணவர்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எந்த மொழியில் திட்டினீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். மெதுவாக வாசித்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கணவர் சொல்வதை நான் நிறையப் பேரிடம் கேட்டுவிட்டேன். அதற்கு இங்கே இடம் ஒதுக்க மனமில்லை.

உங்கள் சீட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைப் பலமுறை வாசித்தேன். முதல் வரியில் ஒரு தாய் இருக்கிறாள். இரண்டாம் வரியில் அவள் காணாமல் போய்விடுகிறாள்.

சாத்தூரில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் காணாமல் போனது. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சட்டை. அந்தப் பக்கம் போனது நான் மட்டும் என்று முடிவாகி, மர ஸ்கேலால் முழங்காலுக்குக் கீழே அடி விழுந்தது. நான் எடுக்கவில்லை என்று சொல்லச் சொல்ல அடி கூடியது. இரண்டு நாள் கழித்து அம்மா துணி துவைக்க எடுத்தபோது அப்பாவின் இன்னொரு சட்டையில் அந்த நோட்டு இருந்தது. அம்மா அதை அப்பாவிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் காராச்சேவு பொட்டலத்தோடு வந்தார். என் மடியில் வைத்து, "சாப்பிடு தாயி" என்றார். நான் சாப்பிட்டேன்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் சமாதானம் இப்படித்தான் நடக்கிறது. அடித்த கை பலகாரம் வாங்கி வரும், திட்டிய வாய் "சாப்பிட வா" என்று கூப்பிடும். அதில் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பொட்டலத்தின் சூடு இன்னும் என் தொடையில் இருக்கிறது. ஆனால் அதில் ஒன்று எழுதப்படாமல் போய்விடுகிறது: தப்பு யாருடையது என்பது.

முப்பது வருடம் கழித்து என் கணவரிடம் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுல இவ சட்டைப் பையில கை வைப்பா மாப்ளே. ஒருதடவை சரியா மாட்டிக்கிட்டா." அம்மா தலை குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அடித்தது நினைவிருந்தது, நோட்டு கிடைத்தது மறந்துவிட்டது. வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத விஷயம் எப்படி நினைவில் தங்கும்? நானும் பத்து வயதில் அந்தக் காராச்சேவைச் சாப்பிட்டபோது, எடுக்காத பணத்துக்காக என்னை மன்னித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் பிள்ளைகள் தங்களைத்தான் காரணமாகப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாம் வரிக்கு வாருங்கள். "நீ வரையாம இருந்திருந்தா." என் அப்பா வாயால் சொல்லாமல் என்னிடம் விட்டுப்போனதை நீங்கள் எழுத்தில் போட்டு, அதன்மேல் ஸாரி என்ற சொல்லையும் வைத்துக் கொடுக்கப்போகிறீர்கள். இதற்குப் பேசாமலே இருந்துவிடலாம். கோபமாகத்தான் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். "ஆனா" வந்த இடத்தில் மன்னிப்பு முடிந்து வழக்கு தொடங்கிவிடுகிறது. கணக்கு நோட்டில் வரைந்தது தப்பு என்றால் அதை நாளைக்கோ நாளை மறுநாளோ தனியாகப் பேசுங்கள். அவளுக்கு ஒரு படநோட்டு வாங்கிக் கொடுத்து, இது இதற்கு, அது அதற்கு என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவள் செய்ததையும் நீங்கள் செய்ததையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கி என்ற பேராசிரியர், சகாக்களோடு சேர்ந்து ஒரு மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார். 2016இல் வந்த ஆய்வு. வருத்தம் சொல்வது, ஏன் நடந்தது என்று விளக்குவது, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது, இனிச் செய்யமாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. இவற்றில் கேட்பவர் மனதில் அதிகம் எடுபட்டது தப்பு என்னுடையது என்ற பகுதி. மிகக் குறைவாக எடுபட்டது மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. அது பெரியவர்களை வைத்து, வேலை சார்ந்த ஒரு சூழலைச் சொல்லிச் செய்த ஆய்வு, அம்மா பிள்ளை விஷயம் அல்ல. அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் உங்கள் சீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று அந்த ஆறையும் வைத்துப் பாருங்கள். விளக்கம் இருக்கிறது, வேண்டுகோள் இருக்கிறது. தப்பு என்னுடையது என்ற ஒரு வரி இல்லை. கிழித்த படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அடித்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்திருக்கலாம்.

"மன்னிச்சேன்னு எழுதி வை" என்பதையும் எடுத்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவை மன்னிக்காமல் இருக்க வசதி கிடையாது. சாப்பாடும் தூக்கமும் உங்கள் கையில் இருக்கிறது. கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். நீங்கள் அழுதுகொண்டே கேட்டால் அவள் உங்கள் கண்ணைத் துடைத்து, "பரவாயில்லம்மா" என்று உடனே சொல்வாள். அது உங்களுக்கு இதமாக இருக்கும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அடிபட்டவள் அடித்தவளைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். ஆபீஸ் கஷ்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கஷ்டம் உண்மை, எனக்குத் தெரியும். அதை என்னிடம் எழுதுங்கள், உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். மகள் தோளில் வைக்காதீர்கள்.

"இனிமே கோபப்படவே மாட்டேன்" என்பது நிற்காது. அடுத்த வாரமே உடையும், அப்போது இந்தச் சீட்டும் சேர்ந்து பொய்யாகும். கோபத்தைப் பற்றி வாக்குக் கொடுக்காமல், கோபம் வந்தால் கை கால் என்ன செய்யும் என்று மட்டும் எழுதுங்கள். பால்கனிக்குப் போவேன் என்று எழுதினால், திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போவது இன்னொரு தண்டனையாகத்தான் தெரியும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"பாப்பா, நேத்து ராத்திரி நான் கத்தினேன். உன் கையில அடிச்சேன். நீ வரைஞ்ச ரெண்டு படத்தையும் கிழிச்சேன். அது தப்பு. கோபம் என்னோடது, அதை அடக்க வேண்டியது என் வேலை. கிழிஞ்ச படத்தை எடுத்து வச்சிருக்கேன். உனக்கு வேணும்னா சேர்ந்து ஒட்டலாம், வேண்டாம்னாலும் சரி. அடுத்த தடவை கோபம் வந்தா பால்கனிக்குப் போய் நின்னுட்டுத் திரும்பி வருவேன். இதுக்கு நீ பதில் எழுத வேண்டாம். எப்பவாவது ஏதாவது சொல்லணும்னா சொல்லு, கேட்டுப்பேன். அம்மா."

"நீ ரொம்ப வருத்தப்பட்டிருப்ப" என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? அவள் வருத்தப்பட்டாளா, பயந்தாளா, உங்கள்மேல் ஆத்திரமாக இருந்தாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பெரிய எழுத்தில் எழுதுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுக்க வேண்டாம், டிபன் பாக்ஸில் வைக்கவும் வேண்டாம். தோழிகள் முன்னால் திறந்துவிடுவாள். சாயங்காலம் அவள் கையில் கொடுத்து, அடித்தது தப்பு என்று வாயாலும் ஒரு வரி சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விட்டால் அதுவும் சரிதான். சில பிள்ளைகள் நாலு நாள் கழித்து, தலை பின்னும்போது சட்டென்று கேட்பார்கள்.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். இது மாதம் ஒரு சீட்டு என்று ஆகிவிட்டால் அவள் வாசிப்பதை நிறுத்திவிடுவாள். அடி, சீட்டு, அடி, சீட்டு என்று போனால் சீட்டும் காராச்சேவுதான். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு உதவ ஒரு ஆளைத் தேடுங்கள், மனநல ஆலோசகரோ மருத்துவரோ. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கைக்குழந்தைகளையும் தாய்களையும் வீடியோவில் நொடி நொடியாகப் பார்த்த எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர், நல்ல உறவிலேயே இருவரும் ஒத்துப்போகிற நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான் என்று கண்டார். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதும். அம்மா சிரிக்கும்போது குழந்தை வேறெங்கோ பார்க்கும், அப்புறம் திரும்பும். பிசகுவது அடிப்பதற்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் பிடிப்பதைப் பிள்ளைகள் எங்கிருந்து கற்கிறார்கள் என்று அவர் காட்டியிருக்கிறார். உங்கள் மகள் அதை இந்த வாரம் உங்களிடமிருந்துதான் பார்க்கப்போகிறாள்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் நானும் ஒரு சீட்டு எழுதினேன். பரீட்சை பேப்பரை ஒளித்துவைத்தான் என்று கத்தினேன், கன்னத்தில் அடித்தேன். இரண்டையும் எழுதியிருந்தேன். அவன் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "அம்மா, நீ என்னை ரூமுக்கு வெளிய விட்டுக் கதவைச் சாத்தினதை எழுதல" என்றான்.

பேனாவை எடுத்து அதையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, இரண்டாக மடித்து, தன் டிராயரில் வைத்துக்கொண்டான்.