இலை நிறமிகள் பிரியாமல் ஒரே பச்சைக் கறையாக ஏறினால்

கேள்வி: செய்முறைத் தேர்வுக்கு இலை நிறமிகளைத் தாளில் பிரித்துப் பார்க்கிறேன். ஒரே பச்சைக் கறையாகத்தான் ஏறுகிறது. நான்கு பட்டைகள் வர என்ன செய்யணும், எது எந்த நிறமி என்று எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் கோளாறு நீங்கள் வைத்த பொட்டில்தான் இருக்கும். எனக்கும் முதல் இரண்டு தாள்கள் இப்படித்தான் வந்தன. சாற்றை ஒரே தடவையில் தாராளமாக விட்டிருந்தேன். அது ஒரு செ.மீ. அகலத்துக்குப் பரவிவிட்டது. பொட்டே அவ்வளவு பெரிதாக இருந்தால் அதிலிருந்து ஏறும் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும்.

இலையை ஈரம் போகத் துடைத்து, கொஞ்சமே அசிட்டோன் விட்டு அரையுங்கள். சாறு கரும்பச்சையாக இருக்கணும். தாளின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சிலால் கோடு போடுங்கள் (பேனா மை கரைப்பானோடு சேர்ந்து ஏறிவிடும்). மெல்லிய கண்ணாடிக் குழாயால் கோட்டின் நடுவில் தொட்டு எடுங்கள், காயவிடுங்கள், அதே இடத்தில் மறுபடி தொடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் பொட்டு 3 மி.மீ. தாண்டாமல், நல்ல கருமையாக இருக்கணும். நடுவில் காயவிடாமல் அவசரப்பட்டால் பொட்டு பரவிவிடும்.

கரைப்பான் 9 பங்கு பெட்ரோலியம் ஈதர், 1 பங்கு அசிட்டோன். அருகில் தீ கூடாது. ஜாடியில் 1 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி மூடி வையுங்கள். பொட்டு கரைப்பானில் முங்கினால் நிறமி அடியிலேயே கரைந்து போய்விடும். கரைப்பான் தாளின் உச்சியை நெருங்கியதும் வெளியே எடுத்து, அது எட்டிய இடத்தை உடனே பென்சிலால் குறியுங்கள். காய்ந்துவிட்டால் அந்த எல்லை தெரியாது.

இனி, மேலிருந்து கீழே பாருங்கள். உச்சியில் ஆரஞ்சு மஞ்சளாக இருப்பது கரோட்டின். அதில் ஆக்சிஜனே இல்லை, தாளின் செல்லுலோஸ் அதைப் பிடித்து வைக்காது. அதனால் கரைப்பானோடு ஓடிவிடுகிறது. அடுத்து வரும் மஞ்சள், சாந்தோஃபில். அதில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் கொஞ்சம் பின்தங்கும். அதற்குக் கீழே நீலப்பச்சையாகக் குளோரோஃபில் a, கடைசியில் மஞ்சள்பச்சையாக குளோரோஃபில் b. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான்: a-யில் மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் b-யில் ஆல்டிஹைடு இருக்கிறது. அது தாளோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறது.

பென்சில் கோட்டிலிருந்து கரைப்பான் 10 செ.மீ. ஏறியது, கரோட்டின் பட்டையின் நடு 9.5 செ.மீ.யில் நிற்கிறது என்றால், நிறமி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்து வரும் Rf மதிப்பு:

Rf = 9.5 / 10 = 0.95

அதே தாளில் சாந்தோஃபில் 7.1, a 6.5, b 4.5 செ.மீ. என்றால் Rf முறையே 0.71, 0.65, 0.45. சாந்தோஃபிலும் a-யும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பொட்டு பெரிதானால் முதலில் கலந்துவிடுவது இந்த இரண்டும்தான். உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம், ஆனால் இதே தாளிலும் கரைப்பானிலும் வரிசை மாறாது.

கரோட்டினுக்கும் சாந்தோஃபிலுக்கும் நடுவில் சாம்பல் நிறப் பட்டை வந்தால் பயப்படாதீர்கள். அது மெக்னீசியத்தை இழந்த குளோரோஃபில், பெயர் ஃபியோஃபைட்டின். சாறு பழசாகிவிட்டது என்று அர்த்தம், புதிதாக அரையுங்கள்.

அப்புறம், காய்ந்தவுடனே ஒவ்வொரு பட்டையையும் பென்சிலால் சுற்றி நிறத்தைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வெளிச்சத்தில் இருந்தால் நிறங்கள் வெளுத்துவிடும், பிறகு அளக்க எதுவும் இருக்காது.