நடக்கிற ஆளுக்குப் பின்னால் சுவரை எடுத்துவிட்டுக் கடலை வைப்பது: கேள்வி பதில்

பலரும் கேட்டிருப்பது ஏறத்தாழ ஒரே வேலையைப் பற்றி என்பதால், என் கையில் இருக்கும் ஒரு கிளிப்பையே எடுத்துக்கொள்கிறேன். பழுப்புச் சுவரை ஒட்டி வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து போகிறார். இடுப்புக்கு மேல்தான் தெரிகிறார். ஃபோனைக் கையில் பிடித்து அவருடனேயே நகர்ந்து எடுத்தது. 6 விநாடி, 180 ஃபிரேம். சுவர் இருக்கும் இடத்தில் அந்திக் கடல் வர வேண்டும்.

எடிட்டிங் பழகும் மாணவர்: 180 ஃபிரேமிலும் நானே கோடு வரைய வேண்டுமா, சார்?

வேண்டியதில்லை, தம்பி. ஆளை முழுவதும் ஒரே கோட்டால் சுற்றினால்தான் அந்த நிலை வரும். தலை, உடல், மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று தனித்தனி மாஸ்க், அதாவது வெட்டியெடுக்கும் வெளிக்கோடு, போட்டு, ஒன்றன் ஓரம் மற்றொன்றின் மேல் சிறிது ஏறியிருக்கும்படி வையுங்கள். அப்போது ஒவ்வொரு மாஸ்க்கையும் நகர்த்தவும் திருப்பவும் மட்டுமே வேண்டியிருக்கும். புள்ளிகளை இழுக்கும் வேலை மிகக் குறையும். கை முன்னால் எட்டும் கடைசி ஃபிரேமிலும், சுமார் 15 ஃபிரேம் தள்ளி அது பின்னால் எட்டும் கடைசி ஃபிரேமிலும் மாஸ்க்கின் நிலையைக் குறிக்கும் கீஃபிரேம் வைத்துவிட்டு, நடுவில் மென்பொருள் நகர்த்தும் கோடு விலகும் இடத்தில் மட்டும் இன்னொன்று சேருங்கள். கீஃபிரேம் அளவுக்கு மீறினால் விளிம்பு நடுங்கத் தொடங்கும்.

குறும்படம் எடுப்பவர்: ஆளின் மேல் டிராக் வைத்து, அந்த அசைவைப் பின்னணிக்குக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

டிராக் வேண்டும் என்பது சரி, ஆனால் ஆளின் மேல் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கடலும் சட்டையில் கட்டிவிட்டதுபோல் ஏறி இறங்கும். கேமராவின் அசைவுதான் நமக்குத் தேவை. அது சுவரில் பதிந்திருக்கிறது. ஆளின் மேல் ஒரு தோராயமான மாஸ்க் போட்டு அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, காரை பெயர்ந்த இடம், கறை போன்ற தெளிவான பகுதிகளை மோக்கா என்னும் டிராக்கிங் மென்பொருளில் டிராக் செய்யுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா நின்ற இடத்திலேயே திரும்பினால் சுவரும் கடலும் ஒரே அளவுதான் நகரும். கேமராவும் நடந்து போனாலோ, அருகிலிருக்கும் சுவர் வேகமாக ஓடும். தொலைவிலுள்ள கடல் ஏறக்குறைய அசையாது. என் கிளிப்பில் சுவரின் டிராக்கை அப்படியே கொடுத்தபோது, கடல் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுவதுபோல் ஓடியது. கேமராவின் பாதையை முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, கடலை வெகு தூரத்தில் நிறுத்திய பிறகுதான் அது நின்றது.

கல்யாண வீடியோக்காரர்: பச்சைத் துணி எத்தனை அடி வாங்கலாம்?

அண்ணே, அது படப்பிடிப்புக்கு முன் செய்யும் வேலை. இங்கே பேசுவது ஏற்கெனவே எடுத்து முடித்த கிளிப்பைப் பற்றி.

பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆளைத் தானாகப் பிரிக்கும் ரோட்டோ பிரஷ்ஷிலேயே நான் முடித்துவிடுகிறேன். கையால் வரைவது வீண் உழைப்பு.

வெள்ளைச் சட்டைக்கும் பழுப்புச் சுவருக்கும் இடையே அது நன்றாகவே பிரிக்கிறது; உடலுக்கு நானும் அதைத்தான் வைத்தேன். விரல்களிலும், கருமுடி சுவரின் நிழலைக் கடக்கும் இடத்திலும் விளிம்பு கொதிப்பதுபோல் மாறிக்கொண்டே இருந்தது. பிரித்த வடிவத்தைக் காட்டும் ஆல்ஃபாவை மட்டும் கறுப்பு வெள்ளையில், சாதாரண வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தால் இது தெரியாது. கைக்கும் பிரஷ்ஷே போதும் என்கிறீர்கள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வேறொருவர்: என் தங்கை ஸ்கூட்டர் ஓட்டும் கிளிப்பில் மாஸ்க் முதல் பாதி சரியாக இருக்கிறது; வெளியே எடுத்த பிறகு போகப் போக விலகுகிறது.

பெரும்பாலும் ஃபோன், ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் பதிந்திருக்காது. ஒரு மென்பொருள் அதை ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் எண்ணும். வரையத் தொடங்கும் முன்பே சீராக்கிவிடுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v prores_ks -profile:v 3 out.mov
```

வரைந்து முடித்த மாஸ்க்கைப் புதிய கோப்பின் மேல் பொருத்திப் பார்க்கலாம். சில இடங்களில் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

மாணவர், மீண்டும்: கை வீசும்போது ஓரத்தில் பழுப்புக் கோடு வருகிறது. ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரைக் கூட்டினால் போய்விடுமா?

போகாது, கோடு அகலமாகித்தான் தெரியும். வேகமாக நகரும் கையின் ஓரத்தில் தோலின் நிறமும் சுவரின் நிறமும் ஒரே பிக்சலில் கலந்திருக்கின்றன. கோட்டை அந்த மங்கலின் நடுவில் வரைந்து, மாஸ்க்கின் மோஷன் பிளரை இயக்குங்கள். விநாடிக்கு 30 ஃபிரேமில் ஷட்டர் 1/60 என்றால், பிளரின் ஷட்டர் கோணத்துக்கு 180 டிகிரி பொருந்தும். வெயிலில் ஃபோன் 1/1000-க்குப் போயிருந்தால் மங்கலே இருக்காது, அப்போது பிளர் சேர்க்கக் கூடாது. பிறகு ஓரப் பிக்சல்களின் நிறத்தைக் கையின் உட்பகுதியிலிருந்து இழுத்து நிரப்ப வேண்டும்.

முடிக்கு மட்டும் இந்த வழி முழுதாகக் கைகொடுக்கவில்லை. வெளிச்சமான அந்தி வானத்தின் முன்னால் முடியோரத்தில் சுவரின் பழுப்பு இன்னும் தெரிகிறது. தலைக்குப் பின்னால் இருண்ட மேகம் வரும்படி கடல் படத்தைச் சற்றே கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.