ஸ, ஷ ஒரே மாதிரி தெரிந்தால் முதலில் பதிவைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: "ஸ, ஷ இரண்டையும் பதிவு செய்து Praat என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் பார்த்தேன். ஒலியின் ஆற்றல் உச்சம் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணில்தான் வருகிறது. காதுக்குத் தெரியும் வித்தியாசம் படத்தில் ஏன் தெரியவில்லை?"

போன் அழைப்பைப் பதிவு செய்த கோப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். இதே பள்ளத்தில் விழுந்து எம்.பில். வாய்மொழித் தேர்வில் அவமானப்பட்டவன் நான், அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் வாய்க்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். குழாயடியில் குடம் நிரம்புவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே காற்று இருக்கும் இடம் குறையக் குறைய ஓசை மேலே ஏறும். ஸ, ஷ விஷயமும் அதுதான். இரண்டிலும் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் ஒரு குறுகிய இடுக்கு. அதன் வழியே பீறிடும் காற்று பல்லில் மோதி இரைகிறது. அந்த இரைச்சலுக்குக் குணம் கொடுப்பது இடுக்குக்கு முன்னால், உதடு வரை உள்ள சின்ன அறை. ஸ சொல்லும்போது நாக்கு நுனி பல்லை ஒட்டியே இருப்பதால் அந்த அறை மிகச் சிறியது. ஷ சொல்லும்போது நாக்கு பின்னால் போகிறது, அதற்குக் கீழே ஒரு குழி திறக்கிறது, உதடும் முன்னால் குவிகிறது. அறை பெரிதாகிறது, ஓசை இறங்குகிறது.

அந்த அறையை ஒரு முனை மூடிய குழாயாக எடுத்துக்கொண்டு f = c / 4L என்று போட்டுப் பாருங்கள். வாய்க்குள் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 35,000 செ.மீ. நீளம் 1.5 செ.மீ. என்றால் ஏறக்குறைய 5,800 ஹெர்ட்ஸ், 3 செ.மீ. என்றால் 2,900. உண்மையான வாய் இவ்வளவு ஒழுங்கான குழாய் இல்லை என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும் ஐயா, திசையைக் காட்ட இது போதும்.

சரி, என் கதை. தூத்துக்குடிப் பக்கம் பன்னிரண்டு பேரிடம் 'சீட்', 'ஷீட்', 'சூப்', 'ஷூ' மாதிரிச் சொற்களைச் சொல்லச் சொல்லி, ஸவும் ஷவும் அவர்கள் வாயில் எவ்வளவு பிரிகின்றன என்று அளப்பதுதான் வேலை. (கிரந்த எழுத்து தமிழா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நான் அளந்தது ஒலியை, எழுத்தை இல்லை.) துறையில் ஒலி புகாத அறை ஒன்று உண்டு. அதன் சாவி ஒருவரிடம்தான் இருக்கும், அவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். ஒரு சாவிக்காக நான் நாலு மாதம் நடந்ததை எழுதினால் அதுவே தனி ஆய்வேடாகும். பொறுமை போய், எல்லாரையும் போனில் கூப்பிட்டு அழைப்பையே பதிவு செய்துவிட்டேன்.

ஸவின் உச்சம் எல்லாருக்கும் 3,300, 3,400 என்று வந்தது. ஷ 2,900-இலிருந்து 3,400-க்குள். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டையும் பிரிப்பதில்லை என்று பெருமையாக முடிவுரை எழுதினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஆணுக்கும் பெண்ணுக்கும் கிழவருக்கும் ஒரே 3,400-ஆ? இது வாயா, டெலிபோன் கம்பியா?"

கம்பிதான். பழைய பாணித் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸவின் பலமெல்லாம் அதற்கு மேலே இருக்கிறது. வெட்டப்பட்டது போக மிஞ்சியது மேல்நோக்கி ஏறும் ஒரு சரிவு மட்டும். நான் உச்சம் என்று குறித்தது அந்தச் சரிவு அறுபட்ட விளிம்பை. ஷவின் உச்சம் 3,000 பக்கம் என்பதால் அது பெரும்பாலும் தப்பித்தது. போனில் பெயர் சொல்லும்போது 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று திருப்பிக் கேட்கிறார்களே, அதற்கும் இதுவே காரணம்.

அப்போதே எனக்கு ஏன் உறைக்கவில்லை? கோப்பை நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்துக்கு மாற்றி வைத்திருந்தேன், Praat-உம் 44100 என்றே காட்டியது. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் பால் பெருகாதே. இதைக் கண்டுபிடிக்க எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று கறுப்பாகக் காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமின் மேல் எல்லையை 11,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஸ வரும் இடத்தில் கறுப்பு 3,400 அல்லது 4,000-இல் கத்தியால் வெட்டியது போல நின்று, மேலே வெறும் வெள்ளையாக இருந்தால் அந்தக் கோப்பு இந்த வேலைக்கு ஆகாது.

அப்புறம் கையோடு மைக் எடுத்துப் போய் 44,100-இல் நேரடியாகப் பதிவு செய்தேன். டீக்கடை அண்ணாச்சி ஒருவர், 58 வயது. 'சீட்'டில் 5,600, 'ஷீட்'டில் 2,900. இரண்டு மடங்கு வித்தியாசம், கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். ஆனால் அவரே 'சூப்' சொன்னால் ஸ 4,700-க்கு இறங்குகிறது. அடுத்து வரும் ஊகாரத்துக்காக உதடு முன்கூட்டியே குவிந்துவிடுவதுதான் காரணம். நீங்களும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் குவித்துப் பாருங்கள், ஓசை சறுக்குவது காதிலேயே கேட்கும்.

அளக்கும்போது இரைச்சலின் நடுவிலிருந்து 40 மில்லிநொடி மட்டும் எடுங்கள், ஓரத்தில் உயிரொலி கலந்திருக்கும். இரைச்சல் தாறுமாறானது என்பதால் ஒரே துண்டின் படம் முள்முள்ளாக இருக்கும், எந்த முள் உச்சம் என்று குழப்பும். அதனால் ஒரே சொல்லை ஐந்தாறு முறை சொல்ல வைத்துச் சராசரி எடுத்தேன். முள்ளைத் தேடாமல் ஆற்றலின் ஈர்ப்பு மையத்தைக் கேட்பதும் நல்ல வழிதான், ஆனால் மின்விசிறியின் உறுமல் அந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆகவே முதலில் கீழ்ப்பகுதியை வடிகட்ட வேண்டும்:

```
Extract part: 0.412, 0.452, "Hamming", 1.0, "no"
Filter (pass Hann band): 1000, 11000, 100
To Spectrum: "yes"
Get centre of gravity: 2
```

நேரத்தை உங்கள் கோப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இந்த எண் உச்சத்தோடு அப்படியே பொருந்தாது, அட்டவணையில் இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

'எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் ஸ?' என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாருக்கும் பொருந்தும் கோடு கிடையாது. அண்ணாச்சியை வைத்து நடுவில் 4,250 என்று கோடு போட்டேன். அடுத்து ஒரு டீச்சர் சொன்ன ஷவே 4,300-இல் இருந்தது. அந்தக் கோட்டின்படி அவர் வாயில் ஷவே இல்லை! அவருடைய ஸ 7,400-இல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் 4,300 அவருக்குத் தாழ்வு என்று தெரிகிறது. ஒருவரின் ஷவை அவருடைய ஸவோடுதான் ஒப்பிட வேண்டும்.

காதும் அப்படித்தான் செய்கிறது. 1980-இல் வர்ஜீனியா மன், புருனோ ரெப் இருவரும் இரண்டுங்கெட்டான் இரைச்சலைச் செயற்கையாகச் செய்து உயிரொலிகளுக்கு முன்னால் ஒட்டிக் கேட்க வைத்தார்கள். அதே இரைச்சல் ஆவுக்கு முன் வந்ததைவிட ஊவுக்கு முன் வந்தபோது அதிகமாக ஸ என்று கேட்டது. உதடு குவிந்ததால்தான் ஓசை இறங்கியது என்று காது கழித்துக்கொள்கிறது. இந்தக் கழித்தலை நாம்தான் கையால் செய்ய வேண்டும்: சீட்டை ஷீட்டோடு வையுங்கள், சூப்பை ஷூவோடு வையுங்கள், மாற்றி வைக்காதீர்கள்.

இரண்டாவது தடவை மைக்கோடு போனபோது அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "போன்லயும் இதத்தான தம்பி சொன்னேன்? அப்ப தப்பாச் சொல்லிட்டனோ?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க, அண்ணாச்சி" என்றேன்.