தங்கை சுமக்கும் என் குழந்தைக்குச் சட்டப்படி தாய் யார்?

“கருப்பை அகற்றப்பட்டதால், என் கருமுட்டையிலும் கணவரின் விந்தணுவிலும் உருவான கருவை என் தங்கை சுமக்கிறாள். அவள் திருமணமானவள். டிசம்பரில் பிரசவம். பிறப்புப் பத்திரத்தில் எங்கள் பெயர் வர என்ன செய்ய வேண்டும்?” – வாசகி, செந்தூல்

முதல் பத்திரத்தில் உங்கள் பெயர் வராது. வாடகைத் தாய்மைக்கென மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. மருத்துவமனை பெற்றெடுத்தவரையே தாயாகக் குறிக்கும். தேசியப் பதிவிலாகாவும் அதைத்தான் பார்க்கும். 1950 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி, திருமண பந்தத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றெடுத்தவளின் கணவரே தந்தை. மரபணு அறிக்கையைக் காட்டினாலும் முகப்பில் இது மாறாது. தங்கையை உங்கள் பெயரில் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அந்தப் பத்திரம் பின்னொரு நாளில் செல்லாமல் போனால் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

எனவே தங்கையும் அவர் கணவரும் உண்மைப்படி பிறப்பைப் பதியட்டும். பிறகு நீங்கள் இருவரும் 1952 தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கூட்டாக மனு செய்யுங்கள். இச்சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கே. கூட்டு மனுவுக்கு உங்கள் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. தங்கையின் திருமணமும் பதிவில்லாதது என்றால் குழந்தை சட்டப்படி திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகிவிடும். அதை இப்போதே பாருங்கள்.

தாமதம் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் நேர்கிறது. நீதிமன்றத்தின் தத்தெடுப்பு ஆணைக்கு முந்தைய மூன்று மாதங்கள் குழந்தை இடைவிடாமல் உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூக நல இலாகாவுக்கும் ஆணைக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். டிசம்பர் 5 பிறந்து, 8ஆம் தேதி வீட்டுக்கு வந்து, அன்றே கடிதம் கொடுத்தால் மார்ச் 8க்கு முன் ஆணை கிடைக்காது. தாய்ப்பாலுக்காக ஜனவரியில் குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பால் கொடுக்க அவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

மனுவுக்குக் குழந்தையின் பிறப்புப் பத்திரம், இரு தம்பதிகளின் மைகார்டு, திருமணப் பத்திரங்கள், உங்கள் வருமானச் சான்று, தங்கையும் அவர் கணவரும் சத்தியம் செய்து தரும் சம்மதப் பத்திரம் ஆகியவை வேண்டும். கரு யாருடையது என்று விளக்கும் மருத்துவமனைக் கடிதத்தையும் இணையுங்கள். அது தாய்மையை நிரூபிக்காவிட்டாலும் தத்தெடுப்பின் காரணத்தை நீதிபதிக்குப் புரியவைக்கும். தங்கை கணவரின் சம்மதத்தை யாரும் நினைப்பதில்லை. அவர்தான் சட்டப்படி தந்தை, அவர் கையெழுத்து இல்லாமல் மனு நகராது.

தத்தெடுப்புக்காகப் பணம் கைமாறவில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். பிரசவச் செலவை மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டி ரசீதை வைத்திருங்கள். தங்கைக்கு அன்பளிப்பாக மொத்தத் தொகை எதுவும் கொடுக்க வேண்டாம்.

பதிவிலாகா முகப்பில் ‘நேரடித் தத்துப் பதிவு எளிது’ என்பார்கள். அது 1952ஆம் ஆண்டின் வேறொரு சட்டம்: இரண்டு வருடப் பராமரிப்பு கேட்கும், வாரிசுரிமை தராது. நீதிமன்ற ஆணை கிடைத்தால்தான் குழந்தை உங்களுக்குத் திருமணத்தில் பிறந்ததற்குச் சமமாகும். உங்கள் பெயர்களோடு புதிய பிறப்புப் பத்திரமும் வரும். அதுவரை தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் தங்கையின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள்.